ஆடா, கோழியா? கடன் தவணையை வைத்து முடிவு செய்யுங்கள்

*டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எங்களுக்குச் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கிராமம். ஒன்றரை ஏக்கர் மானாவாரி, வீட்டுக்குப் பின்னால் ஐந்து சென்ட் காலி இடம். வீட்டுக்காரர் கொத்தனார் வேலை, மழைக்காலத்தில் வேலை இருக்காது. நான் நூறு நாள் வேலை இருந்தால் போவேன். மாமியார் காலையில் மூன்று மணி நேரம் ஆடு மேய்த்துத் தருகிறேன் என்கிறார். கையில் 10,000 ரூபாய் இருக்கிறது. மகளிர் குழுவில் 30,000 தருகிறார்கள். மாதம் 1,450 வீதம் 24 மாதம் கட்ட வேண்டும். வீட்டுக்காரர் நாலு வெள்ளாடு வாங்கலாம் என்கிறார். எனக்குக் கோழி மேல் ஆசை. ஆனால் போன சித்திரையில் எங்கள் கோழி பதினாலும் பச்சையாகக் கழிந்து, கழுத்தைத் திருகிக்கொண்டு ஒரே வாரத்தில் செத்துப்போயின. தை பிறந்ததும் தொடங்க நினைக்கிறோம். எது நல்லது?*

உங்கள் கடிதத்தில் நான் முதலில் பார்த்தது அந்த 1,450 ரூபாயைத்தான். குழுவில் தவணை அடுத்த மாதமே தொடங்கிவிடும், ஆடு அவ்வளவு சீக்கிரம் பணம் தராது. நல்ல தொழிலாக இருந்தும் வெள்ளாட்டை முதல் ஆண்டிலேயே பாதி விலைக்கு விற்றுவிடும் குடும்பங்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் மாட்டிக்கொள்கின்றன. அதனால் உங்கள் வீட்டுக்காரர் சொல்லும் நாலு ஆட்டுக் கணக்கை முதலில் மாதக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். நான் போடும் விலைகளை உங்கள் பக்கத்துச் சந்தை விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை மாறாது.

இரண்டு பல் அல்லது நாலு பல் போட்ட பெட்டை ஆடு ஒன்று சராசரி 9,000 ரூபாய் என்றால் நாலுக்கு 36,000. கொட்டகைக்கு 4,000. கைப்பணமும் கடனும் அதோடு தீர்ந்தது. மாசியில் வாங்கி, பங்குனியில் பருவத்துக்கு வந்து கிடாயோடு சேர்ந்தால் சினைக்காலம் ஐந்து மாதம். ஆவணியில் குட்டி போடும். அந்தக் குட்டி பன்னிரண்டு கிலோ உயிர் எடைக்கு வர இன்னும் ஏழு மாதம் ஆகும். ஆக, கையில் முதல் காசு வருவது அடுத்த பங்குனியில், அதாவது பதின்மூன்றாவது மாதம். அதற்குள் நீங்கள் 17,400 ரூபாய் தவணை கட்டியிருப்பீர்கள், முழுவதும் கொத்தனார் கூலியிலிருந்து. ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் கூலியும் இருக்காது. அந்த நேரம் பார்த்து வியாபாரி வாசலுக்கு வருவான், சினை ஆட்டைக் கறி விலைக்குக் கேட்பான்.

தாக்குப் பிடித்துவிட்டால் ஆடு ஏமாற்றாது. இரண்டு ஆண்டில் மூன்று ஈற்று, ஈற்றுக்குச் சராசரி ஒன்றரைக் குட்டி என்று வைத்தாலும் 24 மாதத்துக்குள் இரண்டு ஈற்றுக் குட்டிகளை விற்றிருக்கலாம். சாவு போக ஓர் ஆட்டுக்கு இரண்டரைக் குட்டி, குட்டி 4,500 ரூபாய் என்றால் நாலு ஆட்டுக்கு 45,000. கடன் அடைந்து, தாய் ஆடுகளும் மூன்றாம் ஈற்றுக் குட்டிகளும் மிச்சம். குறை ஒன்றுதான்: முதல் ஆண்டு முழுவதும் பண வறட்சி, இடையில் ஒரே ஒரு ஆடு செத்தாலும் போட்ட பணத்தில் கால் பங்கு போய்விடும்.

கோழிக்கு நேர்மாறான கணக்கு. போடும் முதல் குறைவு, ஏழெட்டு மாதத்தில் விற்பனை. ஆனால் சாவு வந்தால் ஒன்றிரண்டாக வராது, உங்களுக்கு வந்ததுபோல் மொத்தமாக வரும். அப்படியே மொத்தமும் போனாலும் பறிபோவது ஐந்தாறாயிரம்தான், மறுபடி தொடங்கிவிடலாம். ஆட்டின் ஆபத்து பெரிய தொகையில், கோழியின் ஆபத்து எண்ணிக்கையில். 40,000-ஐயும் கோழியில் போடலாமா என்றால், வேண்டாம். 300 குஞ்சு வாங்கினால் அது புறக்கடைக் கோழியே அல்ல. வளர்ந்த பிறகு நாளொன்றுக்கு இருபது கிலோவுக்கு மேல் தீவனம், இரண்டு நாளுக்கு ஒரு மூட்டை. ஒரே நேரத்தில் விற்றாக வேண்டும், வியாபாரி சொன்னதுதான் விலை.

என் யோசனை இது. கையில் உள்ள 10,000-ஐக் கொண்டு தையில் ஐந்து நாட்டுப் பெட்டைக்கோழியும் ஒரு சேவலும். குழுவில் 25,000 மட்டும் வாங்கி மாசியில் இரண்டு ஆடு. அதில் ஓர் ஆடு, இரண்டு அல்லது மூன்று மாதக் குட்டியோடு இருக்கட்டும்.

கோழியிலிருந்து தொடங்குகிறேன், உங்களுக்கு அடி விழுந்த இடம் அது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிவது, கழுத்துத் திருகல், இறக்கை தொங்கல், ஒரே வாரத்தில் கூட்டமே காலி என்றால் அது வெள்ளைக் கழிச்சல்தான். ராணிக்கெட் என்றும் சொல்வார்கள். வைரஸ் நோய், வந்த பிறகு மருந்து கிடையாது. கடையில் தரும் கழிச்சல் மாத்திரைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். சந்தையிலிருந்து வாங்கி வந்த ஒரு கோழி, பக்கத்து வீட்டில் நோய்க் கோழியை அறுத்துக் கொட்டிய இறகும் குடலும், வியாபாரியின் கூடை என்று எதில் வேண்டுமானாலும் வந்திருக்கும். பழைய கூட்டைத் தேய்த்துக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, இரண்டு வாரம் வெயில் படக் காயவிடுங்கள்.

தடுப்பூசி போடுவதில் கிராமத்தில் நடக்கும் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். பிப்ரவரி தோறும் கால்நடைத் துறை கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. அன்று இருக்கும் பெரிய கோழிக்கெல்லாம் போட்டுவிடுவார்கள். ஆனால் ஒவ்வொரு பெட்டையும் தன் இஷ்டத்துக்கு அடை உட்கார்ந்து, பங்குனியில் பத்து, வைகாசியில் எட்டு என்று பொரித்துக்கொண்டே இருக்கும். முகாமுக்குப் பிறகு பிறந்த அத்தனை குஞ்சும் ஊசி பார்க்காதவை. ஊசி போட்ட வீட்டில் நோய் வந்துவிட்டது என்ற புலம்பலுக்குப் பாதிக் காரணம் இது. குஞ்சுகளுக்குத் தனியாகப் போடலாம் என்றால் மருந்துப் புட்டி நூறு டோஸாக வரும். கலக்கிவிட்டால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சத்தை எடுத்து வைக்க முடியாது. எட்டுக் குஞ்சுக்கு யார் ஒரு புட்டியை உடைப்பார்கள்?

இதற்கு வழி, ஐந்து பெட்டையையும் ஒரே நாளில் அடை வைப்பது. முட்டையைத் தினமும் எடுத்துவிட்டு, கூட்டில் ஒரு கூமுட்டையை மட்டும் அடையாளத்துக்கு விடுங்கள். எடுத்த முட்டையை ஈர மணல் மேல் வைத்த மண்சட்டியில், நிழலில், கூர்முனை கீழாக அடுக்கி, மேலே பென்சிலால் தேதி எழுதுங்கள். ஒரு வாரத்துக்கு மேற்பட்ட முட்டையில் பொரிப்பு குறையும். அதனால் பழையதைத் தின்னவோ விற்கவோ எடுத்துக்கொண்டு, புதியதில் பெட்டைக்குப் பன்னிரண்டு வீதம் வையுங்கள். போதாவிட்டால் அக்கம்பக்கத்தில் சேவல் இருக்கும் வீட்டில் புது முட்டையாக வாங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். முந்திக்கொண்டு அடைக்கு உட்காரும் பெட்டையைக் கூமுட்டையிலேயே சில நாள் காக்க வைக்கலாம். எட்டாம் நாள் இரவு செல்போன் டார்ச்சை முட்டையின் அடியில் பிடித்துப் பாருங்கள். சிவப்பு நரம்பு ஓடினால் கரு இருக்கிறது. ஒன்றும் தெரியாமல் வெளிச்சம் ஊடுருவினால் அது கருக்கூடாத முட்டை, எடுத்துவிடலாம். ஐந்து பெட்டைக்கும் சேர்த்து 45 முதல் 50 குஞ்சு வரை எதிர்பார்க்கலாம். ஒரே வயது, ஒரே புட்டி.

குஞ்சு பொரித்த ஏழாம் நாள் லசோட்டா என்ற கழிச்சல் தடுப்பு மருந்து கண்ணில் ஒரு சொட்டு, நாலாம் வாரம் மறுபடி. எட்டு வாரம் முடிந்ததும் அதே நோய்க்கான ஆர்.டி.வி.கே. தடுப்பூசி, இறக்கைக்கு அடியில் தோலுக்குக் கீழே அரை மில்லி. அந்த ஊசியை எட்டு வாரத்துக்கு முன் போடாதீர்கள், சிறு குஞ்சுக்கு ஊசியே நோயாகிவிடும். மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்க்கில்தான் கொண்டுவர வேண்டும். சட்டைப்பையில் வைத்து வெயிலில் பைக்கில் கொண்டுவந்த மருந்தைப் போட்டாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான். ஏற்கெனவே சோர்ந்திருக்கும் குஞ்சுக்குப் போட வேண்டாம். தாய்க்கோழிகளுக்கு முகாமில் போட்டு இரண்டு வாரம் கழித்து இடும் முட்டையை அடை வைத்தால், தாயின் எதிர்ப்புச் சக்தி முட்டை வழியாகக் குஞ்சுக்கும் முதல் சில நாள் துணையாக இருக்கும். தையில் கோழி வாங்கி மாசிக் கடைசியில் அடை வைக்கச் சொல்வது இதற்காகத்தான். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இந்த நோய்க்குத் தீனியாகக் கொடுக்கும் குருணைத் தடுப்பு மருந்தும் உருவாக்கியிருக்கிறது. உங்கள் மருந்தகத்தில் கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். குளிர்ச்சியைக் காப்பதும் கோழியைப் பிடிப்பதும் கஷ்டமாக இருக்கும் வீடுகளுக்கு அது வசதி.

கழிச்சலுக்கு அடுத்தபடி குஞ்சைக் கொல்வது காகம், பருந்து, கீரி. தாயோடு மேயவிட்டால் பத்தில் மூன்று நாலுதான் விற்கும் வயதுக்கு வரும். முதல் ஆறு வாரம் வலைக்குள் வைத்தால் ஆறு தேறும். பங்குனி என்பதால் பகலில் சூடு தேவைப்படாது. இரவில் மட்டும், தகரத்தாலோ அட்டையாலோ ஒன்றரை அடி உயரத்துக்கு வட்டம் கட்டி, உமி இரண்டு அங்குலம் பரப்பி, ஓர் அடி உயரத்தில் 60 வாட் குண்டு பல்பு இரண்டு தொங்கவிடுங்கள். எல்.இ.டி. பல்பு போட்டுவிட்டுக் குஞ்சு விறைத்துச் செத்தது ஏன் என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. எல்.இ.டி. வெளிச்சம்தான் தரும், குஞ்சு காய்கிற அளவுக்குச் சூடு தராது. குஞ்சுகள் பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர்கிறது, பல்பைத் தாழ்த்துங்கள். ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வாயைத் திறந்தால் சூடு அதிகம், உயர்த்துங்கள். வட்டம் முழுவதும் பரவிப் படுத்திருந்தால் சரி. உமி ஈரமானால் மூன்று வாரத்துக்குமேல் ரத்தக் கழிச்சல் வரும். எச்சத்தில் ரத்தம் கண்ட அன்றே நனைந்த உமியை மாற்றிவிட்டு, மருந்தகத்தில் தண்ணீரில் கலக்கும் மருந்து வாங்குங்கள். வெள்ளைக் கழிச்சலைப் போலல்லாமல் இதை மருந்தால் நிறுத்த முடியும்.

செலவைப் பார்ப்போம். பெட்டை 550 வீதம் ஐந்து, சேவல் 800, ஆக 3,550. எட்டுக்கு நாலு அடியில், தரையிலிருந்து இரண்டடி உயர்த்திய இரவுக்கூடு 4,500. இதற்கு அரை அங்குலச் சதுரக் கம்பிவலை வாங்குங்கள். பெரிய கண் வலையில் கீரி தலையை நுழைத்துவிடும். மீதி 1,950 தடுப்பு மருந்துக்கும் முதல் நாலு வாரக் குஞ்சுத் தீவனத்துக்கும். 50 குஞ்சுக்கு அந்த நாலு வாரத்தில் ஏறக்குறைய 32 கிலோ ஆகும். பிறகு ஐந்து சென்ட்டும் உங்கள் கொல்லையும் பாதித் தீனியைத் தரும். மீதிக்கு ஒரு கோழிக்கு நாளுக்கு 30 கிராம் அளவில் கம்பும் நொய்யும். கரையான் பிடிக்கத் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது. பழைய பானையில் கிழிந்த சாக்கு, வைக்கோல், காய்ந்த சாணம் திணித்து நீர் தெளித்து, புற்றுக்குப் பக்கத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். காலையில் பானை நிறையக் கரையான் இருக்கும். குஞ்சுக்கு அதைவிடச் சத்தான தீனி கடையில் இல்லை.

ஒரு பொரிப்பில் 30 கோழி தேறி, ஐந்து மாதத்தில் ஒன்று 350-க்குப் போனால் 10,500. தீவனமும் மருந்தும் 5,000 போக 5,500 நிற்கும். முதல் ஆண்டில் இரண்டு பொரிப்புதான் கணக்கில் வையுங்கள். பங்குனியில் பொரித்தது ஆவணியில் விற்பனைக்கு வரும். புரட்டாசியில் கறி வாங்குவோர் குறைவு, அதற்கு முன்னால் விற்றுவிடுங்கள். தீபாவளிக்கு என்று நிறுத்தி வைத்தால் விலை கூடும்தான், தீனிச் செலவும் கூடும். ஆடியில் பொரித்தது பொங்கலுக்கு வரும். சித்திரை, வைகாசி வெயிலில் இடும் முட்டையை அடை வைக்க வேண்டாம். கூட்டிலேயே கரு பாதி வளர்ந்து கெட்டுப்போகும். அந்த முட்டையை விற்றுவிடுங்கள்.

இனி ஆடு. இரண்டு என்று நான் நிறுத்தக் காரணம் பணம் மட்டும் இல்லை. உங்கள் மாமியார் தரும் மூன்று மணி நேரத்தில் ஆட்டின் வயிறு பாதிதான் நிறையும். மீதிக்கு ஓர் ஆட்டுக்கு இரண்டு கிலோ தழையாவது ஒடித்துப் போட வேண்டும். இரண்டு ஆட்டுக்கு அது ஒரு கட்டு, நாலு ஆட்டுக்கு ஒரு வேலை. வரப்போரம் அகத்தியும் சவுண்டலும் இப்போதே ஊன்றி வையுங்கள். சவுண்டல் மொத்தத் தழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது, முடி கொட்டும். வேம்பு, பூவரசு, கிளுவை உங்கள் ஊரில் கிடைக்கும்.

ஆட்டைச் சந்தையில் வாங்காமல், பக்கத்து ஊரில் மேய்கிற மந்தையில் பார்த்து வாங்குங்கள். கன்னி, கொடி என்ற இரண்டு இனங்களும் தென்மாவட்டத்து வெயிலுக்கும் மேய்ச்சலுக்கும் பழகியவை. கன்னியில் இரட்டைக் குட்டி அதிகம். பல் பார்த்து இரண்டு பல் அல்லது நாலு பல் எடுங்கள். எட்டுப் பல்லும் போட்டுக் கடை சேர்ந்த ஆடு மலிவாகக் கிடைக்கும், அதில் ஈற்று அதிகம் மிச்சமிருக்காது. கீழிமையை விரலால் இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் சிவந்திருந்தால் நல்லது, வெளுத்திருந்தால் குடலில் புழு ரத்தம் குடிக்கிறது. மடியைக் கையால் அமுக்கினால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மெத்தென்று இருக்க வேண்டும். ஒரு பக்கம் கட்டி தட்டினால் குட்டிக்குப் பால் போதாது. வாலடியில் கழிசல் ஒட்டியிருந்தால் வாங்கவே வேண்டாம். சினை ஆடு என்று கூடுதல் விலை சொன்னால் நம்பிக் கொடுக்காதீர்கள், ஆரம்ப மாதங்களில் வயிற்றைத் தடவி யாராலும் உறுதி சொல்ல முடியாது. குட்டியோடு நிற்கும் ஆடு கண்ணெதிரே காட்டும் சாட்சி: அது ஈனும், பால் கொடுக்கும், வளர்க்கும்.

சந்தை வேண்டாம் என்று சொன்னதன் முக்கியக் காரணம் ஆட்டுக்கொல்லி நோய். நாலு ஊர் ஆடு நெருங்கி நிற்கும் இடத்தில் மூச்சு வழியே தொற்றும். வாங்கிவந்த நாலைந்து நாளில் கடும் காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் ஒழுகல், அது காய்ந்து மூக்கடைப்பு, வாயில் புண், நாற்றம், பிறகு கழிச்சல், இருமல். வந்துவிட்டால் பாதிக்கு மேல் சாகலாம். தடுப்பூசியோ ஒரு மில்லி, தோலுக்கு அடியில் ஒரே முறை, மூன்று ஆண்டு காக்கும். அரசு மருந்தகத்தில் இலவசம். குட்டிக்கு நாலு மாதத்தில் போடலாம். எங்கே வாங்கினாலும் புது ஆட்டை மூன்று வாரம் தனியே கட்டி, தனித் தண்ணீர்த் தொட்டி வையுங்கள். அந்த நாட்களில் குடற்புழு மருந்தைச் சாண பரிசோதனை செய்து கொடுத்துவிடலாம். சினையின் முதல் மாதங்களில் சில புழு மருந்து குட்டிக்கு ஆகாது, கிடாயோடு சேர்ந்த தேதியை மருத்துவரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

ஐப்பசி மழைக்குப் பிறகு இளம்புல் துளிர்க்கும்போது வருவது துள்ளுமாரி. மாலை வரை நன்றாக மேய்ந்த ஆடு, பெரும்பாலும் மந்தையிலேயே கொழுத்தது, திடீரென்று துள்ளி விழுந்து காலை உதைத்துச் செத்துவிடும். செய்வினை என்று சொல்லிப் பரிகாரம் செய்கிறவர்கள் இன்றும் உண்டு. வயிறு நிறைய இளம்புல் போனதும் குடலில் உள்ள கிருமி பெருகி நஞ்சு சுரப்பதுதான் நடப்பது. புரட்டாசியிலேயே தடுப்பூசி போட வேண்டும். முதல் ஆண்டு என்றால் இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை. மழை தொடங்கியபின் காலையில் கொஞ்சம் காய்ந்த தீவனம் தின்னவிட்டு, பனி காய்ந்த பிறகு அவிழ்த்துவிடுங்கள்.

கோழியும் ஆடும் ஒரே வீட்டில் வைப்பதில் உள்ள ஆபத்து நோய்த் தொற்று அல்ல, தீவன மூட்டை. கோழிக்கு வைத்த கம்பையோ நொய்யையோ ரேஷன் அரிசியையோ ஆடு ஒரு நாள் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து வயிறு முட்டத் தின்றுவிடும். தானியம் இரைப்பையில் புளித்து அமிலமாகும். சில மணி நேரத்தில் இடது வயிறு உப்பும், பல்லைக் கடிக்கும், தனியே தலையைத் தொங்கப்போட்டு நிற்கும், பிறகு நீராகக் கழியும், எழாது. கல்யாண வீட்டுச் சோறும் இதையே செய்யும். தின்றது தெரிந்த உடனே, வயிறு உப்புமா என்று பார்த்துக்கொண்டிராமல், 15 கிராம் சமையல் சோடாவைக் கால் லிட்டர் தண்ணீரில் கரைத்துச் சிறிது சிறிதாகப் புகட்டுங்கள். தலையை மேலே தூக்கிப் பிடிக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். புகட்டிய கையோடு மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள், இரவு தாண்டவிடக் கூடாது. தீவன மூட்டைக்கு மூடியுள்ள டிரம் ஒன்று வாங்கினால் இந்தப் பத்தியே உங்களுக்குத் தேவைப்படாது.

குட்டி பிறந்த அன்று இரண்டு வேலை. தொப்புள்கொடியில் டிங்சர் அயோடின் தொடுங்கள். அரை மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்கவிடுங்கள், நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இரட்டையில் சின்னது பெரும்பாலும் காம்புக்கு முட்டி மோதித் தோற்கும். அதன் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள், ஒட்டியிருந்தால் நீங்களே பிடித்து ஊட்டிவிடுங்கள். குட்டிச் சாவில் பெரும்பகுதி முதல் மாதத்தில்தான்.

இரண்டு ஆட்டுக்குச் சொந்தக் கிடாய் வேண்டாம், ஊரில் உள்ள நல்ல கிடாயோடு சேர்க்கலாம். பருவத்துக்கு வந்த ஆடு விடாமல் கத்தும், வாலை ஆட்டும், தீனி குறையும். சேராவிட்டால் ஏறக்குறைய 21 நாளில் மறுபடி வரும், காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று வட்டம் தவறினால் மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த ஆட்டிலிருந்து வந்த கிடாக்குட்டியைக் கொண்டே அதைச் சேர்க்காதீர்கள்.

இப்போது தவணையோடு பொருத்திப் பாருங்கள். 25,000 கடனுக்கு மாதம் ஏறக்குறைய 1,200. குட்டியோடு ஓர் ஆடு 12,000, இரண்டு பல் ஆடு 8,000, தாழ்வாரத்தைத் தடுத்துத் தழைத்தொட்டி போட 1,500. மீதி 3,500-ஐத் தொடாமல் வையுங்கள், முதல் மூன்று தவணைக்கு அது. வாங்கிய குட்டி கிடாயாக இருந்தால் ஆடியில் எட்டு மாதக் கிடா. உங்கள் பக்கம் ஆடிக் கிடாவெட்டுக்கு நல்ல விலை போகும். நேர்த்திக்கடனுக்குப் பெரும்பாலும் காயடித்த கிடாயை எடுக்க மாட்டார்கள் என்பதால் காயடிக்க வேண்டாம். அது 4,500 தந்தால், ஆவணிக் கோழியில் 5,500, பொங்கல் கோழியில் 5,500, ஆக 15,500. அந்த ஓராண்டுத் தவணை 14,400. ஆடி வரை இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் அளவுக்கு மட்டும் கூலியிலிருந்து போட வேண்டியிருக்கும். வாங்கியது பெட்டைக் குட்டி என்றால் விற்காமல் வளர்க்கத் தோன்றும். அப்போது அந்த 4,500-ம் கூலியிலிருந்துதான் வர வேண்டும், வாங்கும்போதே இதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

கடனில் வாங்கும் ஆட்டுக்குக் காப்பீடு எடுங்கள், மானியத்தில் செய்கிறார்களா என்று மருந்தகத்தில் கேளுங்கள். காப்பீட்டுக்காக ஆட்டின் காதில் மாட்டும் வில்லை கழன்று விழுந்தால் அன்றே தெரிவித்துப் புதிது போட்டுக்கொள்ள வேண்டும். வில்லையில்லாமல் செத்த ஆட்டுக்கு இழப்பீடு கிடைப்பது அரிது. செத்தால் புதைப்பதற்கு முன் வில்லை தெரியப் படம் எடுத்து, மருத்துவரின் சான்றிதழ் வாங்குங்கள். கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் ஆடு, கிராமப் பெண்களுக்குப் பாதி விலையில் நாட்டுக்கோழிக் குஞ்சு என்று அரசுத் திட்டங்கள் ஆண்டுக்கு ஆண்டு வருகின்றன. கிடைத்தால் வாங்குங்கள். ஆனால் வரும் குஞ்சுக்கு எந்த எந்தத் தடுப்பூசி எந்தத் தேதியில் போட்டார்கள் என்று எழுதி வாங்காமல் உங்கள் குஞ்சுகளோடு சேர்க்காதீர்கள்.

அடுத்த தையில் உங்கள் வீட்டுக்காரர் இன்னும் இரண்டு ஆடு வாங்கலாம் என்பார். ஆவணியில் பிறந்த பெட்டைக் குட்டி இருந்தால் அதையே நிறுத்துங்கள். அகத்தி வளர்ந்து, மாமியாரின் மூன்று மணி நேரமும் குறையாமல் இருந்தால் நாலு ஆடு வரை போகலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால், வீட்டில் ஒருவர் முழுநேரமும் ஆட்டோடு நிற்க முடியுமா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.